பெயர் வாய்க்கு, எண் கிடங்குக்கு

(சொந்த பிராண்டில் சரக்கு விற்கும் தி.நகர், சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்)

எவர்சில்வர் கேரியர், சம்படம், தூக்குவாளி எல்லாம் எங்கள் சொந்தப் பெயரில் செய்து வாங்கி விற்கிறோம். எண்பது வகைக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டுமா, நம்பர் மட்டும் போதுமா?
*பாத்திரக் கடை உரிமையாளர், உஸ்மான் சாலை*

இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு அல்ல. பெயர், வாங்க வருகிறவரின் வாய்க்கு. எண், கிடங்கிலும் பில்லிலும் சர்வீஸிலும் வேலை செய்கிறவருக்கு.

உஸ்மான் சாலையில் எந்த மிக்ஸி கடைக்குள்ளும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். "ப்ரீத்தி சோடியாக் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். கடைப் பையன் உள்ளே போய்த் தேடுவது MG 218. வாடிக்கையாளர் 218-ஐ நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, கிடங்குக்காரருக்கு ராசி மண்டலம் தேவையில்லை. சென்னையில் 1978-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் 'புளூ லீஃப்' என்று ஒரு குடும்பப் பெயரும் உண்டு. அதில் பிளாட்டினம் MG 139, டைமண்ட் MG 214. இந்த எண்களில் ஒன்றாவது 500, 550, 750 மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள். அவை வாட் எண்கள். மாடலுக்கு 750 என்று பெயர் வைத்திருந்தால், "750 வாட் மிக்ஸி" என்று தேடுகிறவர் கண்ணில் எல்லா கம்பெனி மிக்ஸியும் வந்து விழும். உங்கள் மாடல் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும்.

எண்பது வகைக்கும் எண்பது பெயர் வைத்தால் உங்கள் விற்பனையாளருக்கே நினைவிருக்காது. குடும்பத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்: கேரியர் வரிசைக்கு ஒன்று, சம்படத்துக்கு ஒன்று, பூஜைச் சாமானுக்கு ஒன்று. ஐந்தாறு பெயர் போதும். அதற்குள் இருக்கிற உருப்படிகளை எண் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் கேரியரின் தற்போதைய குறியீட்டைக் கீழே எழுதியிருக்கிறேன். பார்த்தவுடனே எல்லா விவரமும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறோம். இதில் என்ன குறை?
*அதே வாசகர்*

```
SSTC3R22G304-450
```

எல்லா விவரமும் தெரிகிறது என்பதுதான் குறை. பிரித்துப் பார்ப்போம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டிபன் கேரியர், மூன்று அடுக்கு, வட்டம், 22 கேஜ் தகடு, 304 ரக ஸ்டீல், விலை 450.

முதலில் விலை. அது 475 ஆகிற நாளில் குறியீடு பொய் சொல்லத் தொடங்கும். மாற்றினால் பழைய பில்லும் புதுச் சரக்கும் ஒத்துப்போகாது. மாற்றாவிட்டால், 450 என்று நினைத்துக்கொண்டு வருகிற வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது? அடுத்தது கேஜ். தகடு சப்ளை மாறினால் இதுவும் மாறும். ஸ்டீல் ரகமும் அப்படித்தான். ஒரு குறியீட்டுக்குள், பொருள் இருக்கும்வரை மாறாத செய்திக்கு மட்டுமே இடம். இந்த ஏழில் அப்படிப்பட்டவை இரண்டே இரண்டு: இது கேரியர், மூன்று அடுக்கு. வடிவம் வட்டம்தான் என்றாலும் அது டிசைனுக்குள் அடக்கம். உங்கள் கடையில் எல்லாமே ஸ்டீல் என்பதால் SS என்பது எதையும் பிரித்துக் காட்டவில்லை.

நம் ஊர் ரயில்வேயைப் பாருங்கள். மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆனது. சென்ட்ரல் நிலையத்துக்கு 2019-இல் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. பெயர்ப் பலகை மாறியது, அறிவிப்பு மாறியது, டிக்கெட்டில் அச்சான பெயர் மாறியது. நிலையக் குறியீடு மட்டும் அன்றும் இன்றும் `MAS`. எழும்பூர் `MS`, நம் மாம்பலம் `MBM`. பெயர் ஊருக்காக மாறலாம், குறியீடு மாறினால் முன்பதிவு, சரக்கு, கணக்கு எல்லாம் குழம்பும். உங்கள் கேரியருக்கும் இதே நியாயம்தான்.

புதிதாக எழுதுவோம்:

```
KR-117-03
```

KR என்றால் கேரியர். 117 என்றால் டிசைன் எண், அதற்குத் தனிப் பொருள் கிடையாது, வரிசையில் அடுத்து வந்த எண், அவ்வளவுதான். 03 என்றால் மூன்று அடுக்கு. நாளை இதே டிசைனில் நாலடுக்கு வந்தால் KR-117-04. சம்படத்துக்கு SM வைத்தால், கடைசி இரண்டு இலக்கத்தில் எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர் என்று வியாபாரத்தில் ஏற்கெனவே புழங்குகிற அளவையே போடுங்கள். கடைப் பையனுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க எதுவுமில்லை.

கேஜ், ஸ்டீல் ரகம், கொள்ளளவு, விலை இவற்றையெல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் கொடுங்கள். தனிக் கட்டத்தில் இருந்தால்தான் "304 ஸ்டீல் மட்டும் காட்டு" என்று வடிகட்ட முடியும். குறியீட்டுக்குள் புதைத்து வைத்தால் வடிகட்ட முடியாது.

எத்தனை இலக்கம் வைக்கலாம்? 1, 2, 3 என்று ஆரம்பித்துவிட்டோம். இடையில் இடம் விட்டு எண் கொடுக்க வேண்டுமா?
*சமையலறைச் சாமான் மொத்த வியாபாரி, ரங்கநாதன் தெரு*

1, 2, 3 என்று தொடங்கினால் பத்தாவது உருப்படி வந்ததும் பட்டியல் கோணிக்கொள்ளும். எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டைக் கம்ப்யூட்டர் எழுத்து வாரியாகத்தான் அடுக்கும்: KR-1, KR-10, KR-11, அப்புறம்தான் KR-2. அதனால் 100-இலிருந்து தொடங்குங்கள். ஒரு குடும்பத்துக்கு 900 எண் கிடைக்கும். ஒரு பாத்திரக் கடைக்கு அது தாராளம்.

இடைவெளி விட வேண்டாம். பலர் "பெரியது 200 வரிசை, சின்னது 100 வரிசை" என்று பகுத்து வைக்கிறார்கள். நடுத்தர அளவு ஒன்று வந்து நிற்கும்போது 150 தருவதா, 190 தருவதா என்று வாக்குவாதம் வரும். எண்ணுக்குப் பொருளே இல்லையென்றால் வாக்குவாதமும் இல்லை. அடுத்தது எதுவோ அதுதான்.

ஆனால் சில எண்களைத் தாண்டிப் போங்கள். பாத்திரத்தில் 202, 304, 316 மூன்றும் ஸ்டீல் ரகங்கள். KR-304 என்று ஒரு மாடல் இருந்து, அது 202 ரகத்தில் செய்ததாகவும் இருந்தால், வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். அவர் மேல் தப்பில்லை. 250, 500, 750 ஆகியவை மில்லிலிட்டராகப் படிக்கப்படும். இவற்றையும் விடுங்கள்.

எக்செல் பற்றி ஒரு எச்சரிக்கை. `3-12` என்று அடித்தால் அது தேதியாக்கிவிடும், `12E4` என்று அடித்தால் 1,20,000 ஆக்கிவிடும், `007` என்று அடித்தால் 7 மட்டும் மிஞ்சும், `MAR12` கூட மார்ச் மாதத் தேதி ஆகிவிடும். இதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழுவே இந்தத் தொல்லை தாங்காமல் MARCH1 என்ற மரபணுவை MARCHF1 என்று மாற்றியது. 2020-இல் அதற்கென்று வழிகாட்டு விதியே வெளியிட்டார்கள். இரண்டு எழுத்தில் தொடங்குகிற குறியீட்டுக்கு இந்த ஆபத்து கிடையாது. எதற்கும் அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அடிப்பது நல்லது.

போனில் ஆர்டர் எடுக்கும்போது தினமும் தப்பு வருகிறது. TK என்று சொன்னால் DK என்று எழுதிக்கொள்கிறார்கள்.
*கடை மேலாளர், பாண்டி பஜார்*

தப்பு எழுதுகிறவரிடம் இல்லை, எழுத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. ஆங்கிலத்தில் B, C, D, E, G, P, T, V எட்டும் 'ஈ' ஓசையில் முடிகின்றன. பஜார் இரைச்சலில் எட்டும் ஒன்றுதான். M, N இரண்டும் அப்படியே. தூக்குவாளிக்கு TK வைத்தால் DK, PK, VK மூன்றும் கிளம்பும். WL என்று வையுங்கள், வாளியும் நினைவுக்கு வரும், "டபிள்யூ எல்" என்பது வேறெதுபோலவும் கேட்காது.

பார்வைக்குக் குழப்புகிற எழுத்துகள் வேறு: I என்பது 1 போலவும் O என்பது 0 போலவும் தெரியும். வண்டிகளின் சேஸிஸ் எண்ணில் I, O, Q மூன்றுக்கும் இடமே கிடையாது, உலகம் முழுக்க அதுதான் நடைமுறை. நீங்களும் அவற்றை விலக்குங்கள். எழுத்து எப்போதும் முதல் இரண்டு இடத்தில், எண் எப்போதும் அதற்குப் பிறகு என்று நிலையாக வைத்துவிட்டால் S-க்கும் 5-க்கும் வருகிற சந்தேகம்கூட இடத்தைப் பார்த்தே தீர்ந்துவிடும்.

குறியீட்டை முடிவு செய்யும் முன்னால் ஒரு சோதனை: கடைக்கு வெளியே, ரோட்டில் நின்று, கிடங்குக்குப் போன் போட்டு ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். அவர் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பத்துக் குறியீட்டில் ஒன்று தப்பாக வந்தாலும் அந்த எழுத்து ஆகாது.

அழகான தமிழ்ப் பெயராக 'தாழை' என்று வைக்க ஆசை. எங்கள் ஆன்லைன் கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வேண்டாம் என்கிறான். தமிழ்ப் பெயர் வைத்தால் என்ன தப்பு?
*பூஜைப் பொருள் விற்பவர், மயிலாப்பூர்*

தமிழ்ப் பெயர் வையுங்கள், தப்பே இல்லை. தம்பி அஞ்சுவது 'ழ'வைப் பார்த்து. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் போனில் ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். தாழை அவர்கள் கையில் இத்தனை வடிவம் எடுக்கும்:

```
Thazhai, Thaazhai, Tazhai, Thalai, Thaalai
```

கடைசி இரண்டு 'தலை'யில் போய் முட்டும். ஒரே பெயர் ஐந்தாகச் சிதறினால், கேள்விப்பட்டு வந்தவருக்கும் பொருள் கிடைக்காது.

இதற்கு நம் தி.நகரைவிட நல்ல சாட்சி இல்லை. பிட்டி தியாகராய செட்டியார் பெயரில் அமைந்த ஊர் இது. அவர் பெயர் Theagaraya, Thyagaraya, Thiyagaraya என்று மூன்று விதமாக எழுதப்படுகிறது. தி.நகர், T Nagar, T.Nagar வேறு. ஊருக்கு இது தாங்கும், ஏனென்றால் எப்படி எழுதினாலும் 600017 என்ற அஞ்சல் எண் சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். ஊர் பெரியது, தேடித்தான் வருவார்கள். புதுப் பொருளுக்கு அந்தச் செல்வாக்கு இல்லை.

எளிய விதி இதுதான்: ஆங்கிலத்தில் எழுத ஒரே வழிதான் இருக்க வேண்டும். தொல்லை தருபவை ழ, ள, நெடில்கள், த (t, th, d, dh), ச (s, ch), இரட்டித்த மெய். தொல்லை தராதவை ம, ல, ர, ந, வ, குறில்கள். 'மலர்' என்பதை Malar என்றுதான் எழுத முடியும். 'அலை' என்பதை Alai என்றுதான். உங்கள் கடைக்கு வருகிற பத்துப் பேரிடம் பெயரைச் சொல்லி, அவர்கள் போனிலேயே தட்டச் சொல்லுங்கள். எட்டுப் பேர் ஒரே மாதிரி தட்டினால் அந்தப் பெயர் தேறும்.

தாழைதான் வேண்டும் என்று மனம் விடாப்பிடியாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒரு வடிவத்தைப் பெட்டியில் அச்சடியுங்கள். மற்ற நான்கையும் உங்கள் தளத்தில் வாங்குபவர் கண்ணில் படாத தேடுசொல் கட்டத்தில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். தலைப்பில் ஐந்தையும் திணிக்கக் கூடாது, படிக்கிறவர் மிரண்டுவிடுவார்.

சாமி பெயர் வைத்தால் மறக்காது, மனசுக்கும் நிறைவு. 'சுத்தமான எவர்சில்வர்' என்றே பெயர் வைப்பதும் நல்ல யோசனையாகத் தோன்றுகிறது. உங்கள் கருத்து?
*பாத்திர வியாபாரி, மேற்கு மாம்பலம்*

பக்தி உங்களுடையது, பெயர் உங்களுடையதாக ஆகாது. 'ராமாயணம்' என்ற பெயரை ஊதுபத்திக்கு டிரேட்மார்க்காகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனியுரிமையாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. சாமி பெயரில் ஏற்கெனவே ஆயிரம் கடை இருப்பதால் தேடலிலும் நீங்கள் தனியாகத் தெரியமாட்டீர்கள்.

'சுத்தமான எவர்சில்வர்' என்பது பொருளின் தன்மையைச் சொல்லும் சொல். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம், பிரிவு 9, இப்படி வகையையும் தரத்தையும் மட்டும் குறிக்கிற சொற்களைப் பதிவு செய்ய மறுக்கிறது. பக்கத்துக் கடைக்காரரும் நாளையே அதே சொல்லைப் போடலாம்.

வெறும் எண்ணை நம்பியும் பலனில்லை. இன்டெல் நிறுவனம் தன் '386' என்ற எண்ணைப் போட்டியாளர் பயன்படுத்தக் கூடாது என்று வழக்குப் போட்டு, 1991-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது. 1993-இல் 586 என்று வந்திருக்க வேண்டிய சிப்புக்கு 'பென்டியம்' என்று பெயர் வைத்ததற்கு அது முக்கியக் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது: டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். எழுத்துக்கு எழுத்து மட்டும் தேடாமல், ஒலி ஒப்புமையில் தேடுகிற வசதியையும் தேர்ந்தெடுங்கள். பாத்திரத்துக்கு வகுப்பு 21, மிக்ஸி கிரைண்டருக்கு 7, மின் அடுப்புக்கு 11, சேலைக்கு 24, 25 இரண்டும் பாருங்கள். இடம் காலியாக இருந்தால், அச்சுக்குக் கொடுக்கும் முன்பே விண்ணப்பம் போடுங்கள். நம் பதிவகம் கிண்டியில்தான் இருக்கிறது. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

நாங்கள் பட்டுக்காரர்கள். பாத்திரம் போல ஒரே உருப்படி நூறு இல்லை, ஒவ்வொரு சேலையும் ஒன்றே ஒன்றுதான். எப்படி எண் கொடுப்பது? நிறத்துக்கு என்ன பெயர் வைப்பது?
*பட்டு ஜவுளிக்கடைக்காரர், பனகல் பார்க் அருகில்*

ஒவ்வொரு சேலைக்கும் பெயர் வைக்காதீர்கள். போத்தீஸ் 'சாமுத்ரிகா' என்று வைத்தது ஒரு சேலைக்கு அல்ல, ஒரு வரிசைக்கு. அதனால்தான் அது நிலைத்தது.

எண்ணை மூன்று படியாக வையுங்கள்: டிசைன், நிறம், உருப்படி.

```
SL-642-31-01
```

SL என்பது சேலை. 642 என்பது நெசவாளர் வரைபடம். 31 என்பது நிறப் பட்டியலில் ஓர் எண். 01 என்பது அதில் முதல் சேலை. ஒரே ஒரு சேலைதான் நெய்தீர்கள் என்றாலும் 01 போடுங்கள், ஏனென்றால் ஒரு கல்யாண வீட்டார் அதே டிசைனை வேறு நிறத்தில் கேட்டு வருவார்கள். அப்போது எது டிசைன், எது நிறம் என்று பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். விற்றுப்போன 01-ஐ இன்னொரு சேலைக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

நிறத்தின் பெயரில்தான் நம் ஜவுளி ஒரு பொக்கிஷம் வைத்திருக்கிறது. அரக்கு, மயில் கழுத்து, வெங்காயச் சருகு, கத்திரிப்பூ, மாம்பழ மஞ்சள். பாட்டியும் பேத்தியும் ஒரே சொல்லால் ஒரே நிறத்தைச் சொல்கிறார்கள். கட்டத்துக்கு 'பாலும் பழமும்', கோட்டுக்கு 'வைர ஊசி'. இவற்றை விட்டுவிட்டு 'மிட்நைட் மேஜிக்', 'ராயல் ட்ரீம்' என்று வைத்தால் தேடுகிறவர் எதைத் தட்டுவார்?

எம்.எஸ். புளூவை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்துகொடுத்த நீலம் அது. எந்த விளம்பரமும் இல்லாமல் தலைமுறை தாண்டி நிற்கிறது. இன்று ஒவ்வொரு கடையின் எம்.எஸ். புளூவும் ஒரு நூல் முன்பின்னாக இருக்கும். ஆகவே அதை உங்கள் வரிசையின் பெயராக வைக்காதீர்கள், அது ஊருக்குப் பொதுவானது. நிறத்துக்கான கட்டத்தில் போடுங்கள், தேடி வருகிறவர் அங்கே உங்களைக் கண்டுபிடிப்பார். அந்தக் கட்டத்தோடு உங்கள் நிற எண் 31 ஒட்டியிருந்தால், எந்த நீலம் என்பதில் சண்டை வராது.

அதே மாடலைக் கொஞ்சம் திருத்திப் புதிதாகக் கொண்டுவருகிறோம். 'பிளஸ்' சேர்ப்பதா, 'நியூ' சேர்ப்பதா, புது எண்ணா?
*கிரைண்டர் தயாரிப்பாளர், சைதாப்பேட்டை*

'நியூ' ஒரு வருடத்தில் பழசாகிவிடும். 'பிளஸ்' போட்டால் அடுத்தது 'சூப்பர் பிளஸ்', அப்புறம் 'சூப்பர் பிளஸ் கோல்டு'. தங்கம், பிளாட்டினம், வைரம் என்று ஏறினால் வைரத்துக்கு மேலே படி கிடையாது. மேலே இடமிருக்கிற ஏணியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது உயர்வு தாழ்வே சொல்லாத பெயர்களை வையுங்கள்: பூ, நதி, மரம். நொய்யலுக்கு மேல் பாலாறா, பாலாற்றுக்கு மேல் நொய்யலா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

புது எண் எப்போது? இரண்டு கேள்வி போதும். பழையதுக்கு வாங்கின ஜாடி, மூடி, ரப்பர் வளையம், கல் இதற்கும் பொருந்துமா? பழையது வாங்கினவருக்குக் கேட்காமலே இதை மாற்றிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் பழைய எண்ணே போதும், தயாரிப்பு மாதத்தை மட்டும் உள்ளே குறித்துவையுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் புது எண். உதிரிப் பாகம் தேடி வருகிறவரைத் திண்டாட வைப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்: பெயர் ஒன்று, எண் ஒன்று, மூடி மட்டும் வேறு.

கொடுக்கிற வாக்கு மாறினால் பெயரும் முகமும் மாற வேண்டும். ஆவின் பால் நினைவிருக்கும். நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. வீட்டில் யாரும் சதவீதம் சொல்வதில்லை, "ஒரு பச்சை" என்றால் முடிந்தது. 2023-இல் 3.5 சதவீதப் பாலைக் கொண்டுவந்தபோது அதற்கு ஊதாப் பாக்கெட்டும் 'டிலைட்' என்ற தனிப் பெயரும் கொடுத்தார்கள். விலையும் கொழுப்பும் சரியா என்று ஊர் வாதிட்டது. அந்த வாதம் தெளிவாக நடந்ததற்குக் காரணம், எது எது என்று பாக்கெட்டைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்தது. அதே பச்சைக்குள் 3.5-ஐ ஊற்றியிருந்தால் பச்சை என்ற சொல்லே செத்திருக்கும்.

ஆன்லைனில் தலைப்பை எப்படி எழுதுவது? எங்கள் பையன் இருபது சொல் போடுகிறான்.
*உஸ்மான் சாலை வாசகர், மறுபடியும்*

போன் திரையில் முதல் ஆறேழு சொல்தான் கண்ணில் படும். வரிசை இதுவாக இருக்கட்டும்: பிராண்ட், குடும்பப் பெயர், பொருளின் பொதுப் பெயர், மாறும் விவரம், கடைசியில் எண். உங்கள் கேரியருக்கு, குடும்பப் பெயர் மலர் என்று வைத்துக்கொண்டால், கடைப் பெயருக்குப் பின்னால்:

```
Malar Tiffin Carrier, 3 Tier, Stainless Steel 304, KR-117-03
```

பொதுப் பெயரை விடவே கூடாது. 'மலர்' என்று மட்டும் போட்டால் பூக்கடை வரும். பொட்டலச் சரக்கின் மேலுறையில் பொதுப் பெயர் அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்ட விதிகளே சொல்கின்றன, அதையே தலைப்பிலும் பின்பற்றுங்கள். கேரியர், அடுக்கு, சாப்பாட்டுக் கேரியர், lunch box, dabba போன்ற மற்ற சொற்கள் தேடுசொல் கட்டத்துக்குப் போகட்டும். KR11703, KR 117 03 என்று கோடில்லாமலும் இடம்விட்டும் எழுதியவற்றையும் அங்கேயே சேருங்கள். சில தளங்கள் கோட்டைப் பொருட்படுத்தாது, சில தளங்கள் பொருட்படுத்தும். இரண்டுக்கும் தயாராக இருப்பது நம் வேலை.

எந்தச் சொற்களைச் சேர்ப்பது என்று ஊகிக்காதீர்கள். பில் போடும் மேஜையில் ஒரு நோட்டு வையுங்கள். வாடிக்கையாளர் கேட்ட சொல்லை, கேட்ட மாதிரியே, ஒரு மாதம் எழுதுங்கள். உங்கள் தளத்தில் தேடி எதுவும் கிடைக்காமல் போன சொற்களின் பட்டியலும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். நோட்டும் பட்டியலும் ஒத்துப்போகிற இடத்தில்தான் உங்கள் விற்பனை நழுவுகிறது.

எல்லாம் சரி. ஆனால் பத்து வருடப் பழைய குறியீடு நாலாயிரம் இருக்கிறது. ஒரே ராத்திரியில் மாற்றிவிடலாமா?
*வீட்டு உபயோகப் பொருள் கடை, வடக்கு உஸ்மான் சாலை*

கூடவே கூடாது. தீபாவளிக்கு முன்னால் நினைத்தே பார்க்காதீர்கள்.

முதலில் இரண்டு பத்தி கொண்ட ஒரு பட்டியல்: பழையது, புதியது. ஒரு பழைய எண்ணுக்கு நேராக ஒரே ஒரு புது எண் இருக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும்போதே ஒரு பழைய எண்ணில் இரண்டு பொருள் விற்றுக்கொண்டிருந்தது தெரியவரும், அவற்றைக் கிடங்கில் கையால் எடுத்துப் பார்த்துப் பிரியுங்கள். அதிகம் விற்கிற ஒரு குடும்பத்தை மட்டும் முதலில் மாற்றுங்கள். அடுத்த லாட் பெட்டி அச்சாகும்போது புது எண்ணைப் பெரிதாகவும், 'பழைய எண்' என்று அதன் கீழே சிறிதாகவும் போடுங்கள். பழைய எண்ணைத் தேடுசொல் கட்டத்தில் நிரந்தரமாக விட்டுவையுங்கள். ஐந்து வருடம் கழித்தும் ஒருவர் பழைய பில்லைப் பார்த்து மூடி கேட்பார்.

சரக்கு நின்றுபோனாலும் அதன் எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்காதீர்கள். எண்ணுக்குப் பஞ்சமில்லை.

கடைசியாக, யாருக்கு இந்த அதிகாரம் கொடுப்பது? எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, நான் மூவரும் எண் போடுகிறோம்.
*அதே கடை*

மூவரில் ஒருவர். அவர் ஊரில் இல்லாத நாளில் புது எண் பிறக்கக் கூடாது. ஒரு நோட்டு, ஒரு கை, அடுத்த எண். சித்தப்பா பெயர் வைக்கட்டும், அப்பா விலை போடட்டும், எண்ணை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.